வெயிட்-டை, வூண்ட்-வெயிட்: யார் காத்திருப்பது, யார் விலகுவது

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை, நிலக்கோட்டையில் அதற்கு ஒரு கிளை. இரண்டுக்கும் சேர்த்து இருப்புக் கணக்கு பார்க்கும் மென்பொருளை நான் பராமரிக்கிறேன். இரண்டு ஊரிலும் தனித்தனி சர்வர். மாட்டுத்தாவணி மல்லி இருப்பு ஒரு வரி, நிலக்கோட்டை மல்லி இருப்பு இன்னொரு வரி. முதலாவதை M என்றும் இரண்டாவதை N என்றும் வைத்துக்கொள்வோம். கட்டுரை முழுக்க இந்த இரண்டு வரிகள்தான்.

நிலக்கோட்டையிலிருந்து 60 கிலோ மதுரைக்கு வருகிறது என்றால், ஒரு டிரான்சாக்ஷன் முதலில் N-ஐப் பூட்டும், அப்புறம் M-ஐப் பூட்டும். அதே நேரத்தில் மதுரையிலிருந்து 15 கிலோ திருப்பி அனுப்பினால், வேறொரு டிரான்சாக்ஷன் M-ஐ முதலில் பூட்டி N-ஐக் கேட்கும். இருவரும் கையில் இருப்பதை விடாமல் மற்றவர் கையில் இருப்பதற்காக நிற்பார்கள். விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் இரண்டு லோடு ஆட்டோ எதிரெதிரே நுழைந்த கதைதான். டெட்லாக்.

ஒரே சர்வருக்குள் இது நடந்தால் டேட்டாபேஸே கண்டுபிடித்துவிடும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி, யார் யாருக்காக நிற்கிறார்கள் என்று பார்த்து வட்டம் இருந்தால் ஒருவரை வெளியேற்றும். போஸ்ட்கிரெஸ் வழக்கமான அமைப்பில் 1 விநாடி காத்திருந்துவிட்டு அப்படிப் பார்க்கும். எங்கள் வட்டத்தில் பாதி மாட்டுத்தாவணியிலும் பாதி நிலக்கோட்டையிலும் இருந்தது. இரண்டு சர்வருமே தன் பங்கைப் பார்த்துவிட்டு, ஒருவர் மற்றவருக்காக நிற்கிறார், தப்பில்லை என்றே நினைக்கும்.

எனவே சர்வர்களுக்கு மேலே பூட்டுகளைக் கொடுத்து வாங்கும் ஓர் அடுக்கை நாங்களே எழுதினோம். வட்டம் வந்த பிறகு தேடாமல், வரவே விடாத முறையாக இருக்க வேண்டும். முடிவெடுக்க அடுத்த ஊரைக் கேட்கவும் கூடாது. இதற்கு 1978-லேயே ரோசன்கிராண்ட்ஸ், ஸ்டெர்ன்ஸ், லூயிஸ் மூவரும் இரண்டு வழி சொன்னார்கள்: வெயிட்-டை, வூண்ட்-வெயிட். இரண்டுக்கும் தேவை இரண்டு எண்கள் மட்டுமே: பூட்டைக் கேட்பவரின் டைம்ஸ்டாம்ப், வைத்திருப்பவரின் டைம்ஸ்டாம்ப்.

முதல் வேலை: எல்லோருக்கும் ஒரு வயது

டிரான்சாக்ஷன் தொடங்கும்போதே அதற்கு ஓர் எண் கொடுங்கள். சின்ன எண் என்றால் மூத்தவர். குழப்பமாக இருந்தால் பிறந்த வருடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: 1960-இல் பிறந்தவர் 1975-இல் பிறந்தவருக்கு அண்ணன்.

எண் கடிகார நேரமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்த இருவருக்கும் ஒரே எண் வரக்கூடாது, இடையில் மாறக்கூடாது, அவ்வளவுதான். நாங்கள் ஒவ்வொரு சர்வரிலும் ஒரு எண்ணியை வைத்து, பின்னால் சர்வர் எண்ணை ஒட்டினோம். 41.1 என்றால் மதுரையில் பிறந்த 41, 47.2 என்றால் நிலக்கோட்டையில் பிறந்த 47. எண்ணியில் இருவருக்கும் 41 வந்தால் சர்வர் எண் தீர்த்துவைக்கும்.

இதில் ஒரு சறுக்கல் உண்டு, நாங்கள் சறுக்கினோம். நிலக்கோட்டையில் பில் குறைவு, ஆகவே அங்கே எண்ணி மெதுவாக ஏறும். மதுரையில் 9,000 ஓடும்போது அங்கே 1,200-தான். விளைவு, நிலக்கோட்டையில் இப்போதுதான் பிறந்தவர்கூட மதுரைக்காரர் எல்லோருக்கும் மூத்தவர். டெட்லாக் வரவில்லை, ஆனால் மதுரை பில்கள் எப்போதும் தோற்றன. அதே 1978-இல் லாம்போர்ட் சொன்ன விதிதான் மருந்து: அடுத்த சர்வரிலிருந்து பெரிய எண்ணோடு செய்தி வந்தால் உன் எண்ணியை அதற்கு மேலே ஏற்றிக்கொள். எண் கோணலாக இருந்தால் நியாயம்தான் கெடும், டெட்லாக் வராது.

இரண்டு விதிகளும் அருகருகே

பெயரைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. முதல் சொல், மூத்தவர் வந்து கேட்டால் நடப்பது. இரண்டாம் சொல், இளையவர் வந்து கேட்டால் நடப்பது. வெயிட்-டையில் மூத்தவர் கேட்டால் காத்திருப்பார், இளையவர் கேட்டால் செத்துப்போவார். வூண்ட்-வெயிட்டில் மூத்தவர் கேட்டால் வைத்திருப்பவரைக் காயப்படுத்திப் பூட்டை வாங்கிக்கொள்வார், இளையவர் கேட்டால் காத்திருப்பார்.

```
wait_die(req, holder):
    if req.ts < holder.ts: wait(req)
    else:                  abort(req)

wound_wait(req, holder):
    if req.ts < holder.ts: abort(holder)
    wait(req)
```

சாவதும் காயப்படுவதும் ஒன்றுதான்: செய்ததெல்லாம் ரோல்பேக் ஆகி, பூட்டுகளை விட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு முறையிலும் தோற்பவர் இளையவரே. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள், வூண்ட்-வெயிட்டில் மூத்தவர் அடிபடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. வெயிட்-டையில் வெளியேறுபவர் கேட்க வந்தவர். வூண்ட்-வெயிட்டில் வெளியேறுபவர் ஏற்கெனவே வைத்திருந்தவர்.

வட்டம் ஏன் வராது? வெயிட்-டையில் காத்திருப்பு எப்போதும் மூத்தவரிடமிருந்து இளையவரை நோக்கியே போகும். வூண்ட்-வெயிட்டில் இளையவரிடமிருந்து மூத்தவரை நோக்கி. ஒரே திசையில் வயது குறைந்துகொண்டே (அல்லது கூடிக்கொண்டே) போகும் வரிசை தொடங்கிய ஆளிடமே திரும்பி வர முடியாது. தம்பியின் தம்பியின் தம்பி என்று எவ்வளவு போனாலும் அண்ணனிடம் வந்து நிற்காது.

நம் 60 கிலோவை ஓட்டிப் பார்ப்போம்

வரவு டிரான்சாக்ஷன் 41, மூத்தவர். திருப்பி அனுப்பும் டிரான்சாக்ஷன் 47, இளையவர். 41 N-ஐப் பூட்டிவிட்டது. 47 M-ஐப் பூட்டிவிட்டது. வாங்கிய பூட்டை கமிட் அல்லது ரோல்பேக் வரை யாரும் விடமாட்டார்கள்.

முதலில் வெயிட்-டை. 41 M-ஐக் கேட்கிறது. வைத்திருப்பது 47, இளையவர், ஆகவே 41 நிற்கிறது. 47 N-ஐக் கேட்கிறது. வைத்திருப்பது 41, மூத்தவர், ஆகவே 47 சாகிறது, M விடுபடுகிறது, 41 அதை வாங்கி வேலையைத் தொடர்கிறது. இதுவரை அழகு. இப்போது 47 மறுபடி பிறந்து M-ஐக் கேட்கிறது. அது இப்போது 41-இன் கையில், மூத்தவர். மறுபடி சாவு. 41 முடிக்க இன்னும் 400 மில்லிவிநாடி ஆகும், 47 ஒவ்வொரு 20 மில்லிவிநாடிக்கும் முயன்று பார்க்கிறது என்றால், சுமார் 20 முறை செத்துப் பிழைக்கும். ஒவ்வொரு முறையும் நிலக்கோட்டையிலிருந்து மதுரைக்கு ஒரு செய்தி வீண்.

அடுத்து வூண்ட்-வெயிட். 41 M-ஐக் கேட்கிறது. வைத்திருக்கும் 47 இளையவர், எனவே காயம். 47 ரோல்பேக் ஆகிறது, 41-க்கு M கிடைக்கிறது. 47 திரும்பி வந்து M-ஐக் கேட்கிறது. வைத்திருப்பவர் மூத்தவர், ஆகவே 47 பேசாமல் நிற்கிறது. 41 கமிட் ஆனதும் பூட்டு அதற்கு வருகிறது. மொத்தம் ஒரே ஒரு சாவு.

இதைப் பார்த்தால் வூண்ட்-வெயிட் வென்றது போலத் தோன்றும். ஆனால் வெயிட்-டையின் இந்த வீண் அலைச்சலுக்கு எளிய மருந்து உண்டு: செத்தவர் உடனே ஓடிவராமல், கையில் எதையும் வைத்துக்கொள்ளாமல் அந்தப் பூட்டு விடுபடும் வரை வாசலில் உட்கார்ந்திருக்கட்டும். கையில் ஒன்றும் இல்லாதவருக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள், எனவே வட்டத்தில் அவர் ஒருபோதும் கண்ணியாக முடியாது. லினக்ஸ் கெர்னல் இதைத்தான் செய்கிறது. அங்கே `ww_mutex_lock` என்ற அழைப்பு `-EDEADLK` என்று திருப்பினால், வைத்திருப்பதையெல்லாம் விட்டுவிட்டு `ww_mutex_lock_slow` மூலம் அந்தப் பூட்டுக்காகத் தூங்க வேண்டும். அப்புறம் மீதியை வாங்க வேண்டும்.

கெர்னலில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. `ww` என்ற பெயர் வூண்ட்-வெயிட்டைக் குறிக்கிறது, ஆனால் வந்த புதிதில் உள்ளே ஓடியது வெயிட்-டை. 2018-இல் 4.19 பதிப்பில்தான் நிஜமான வூண்ட்-வெயிட் சேர்ந்தது. இப்போது எது வேண்டும் என்று நாமே சொல்லலாம்:

```c
static DEFINE_WD_CLASS(my_wd);  /* Wait-Die  */
static DEFINE_WW_CLASS(my_ww);  /* Wound-Wait */
```

மறுபிறவியிலும் அதே வயது

மேலே 47 திரும்பி வந்தபோதும் 47-ஆகவே வந்தது. இதை விட்டுவிட்டால் முழு ஏற்பாடும் வீண். எங்கள் முதல் பதிப்பில் மறுமுயற்சிக்கும் புது எண்ணைத்தான் கொடுத்தேன். மறுமுயற்சி செய்யும் கோடு சாதாரணத் தொடக்கத்தையே கூப்பிட்டது, அங்கே எண்ணி ஒன்று ஏறிவிடும், நான் கவனிக்கவில்லை. சாதாரண நாளில் ஒன்றும் தெரியவில்லை. முகூர்த்த நாள் காலையில், விவசாயிகள் அனைவரின் கணக்கையும் தொட்டுப் போகும் நீளமான பட்டுவாடா டிரான்சாக்ஷன் மட்டும் முடியவே இல்லை. செத்துச் செத்துப் பிழைத்தது. ஒவ்வொரு முறையும் அதுதான் கூட்டத்திலேயே கடைக்குட்டி. அது தொடும் ஏதாவது ஒரு வரியில் எப்போதும் ஒரு மூத்த பில் உட்கார்ந்திருக்கும்.

அதே எண்ணை வைத்துக்கொண்டால், அதைவிட மூத்தவர்கள் ஒவ்வொருவராக முடித்துப் போய்விடுவார்கள். ஒரு கட்டத்தில் அதுவே எல்லோருக்கும் மூத்தவர். இரண்டு முறையிலுமே கூட்டத்தின் மூத்தவரை யாரும் கொல்ல முடியாது, ஆகவே அது கட்டாயம் முடியும். எண்ணைத் தொடக்கத்தில் கொடுக்காமல் வெளியிலிருந்து உள்ளே அனுப்புங்கள்:

```
ts = next_ts()
while not run(txn, ts):
    pause()
```

`next_ts()` வளையத்துக்கு வெளியே இருக்கிறது. எங்கள் திருத்தமும் அந்த ஒரு வரி இடம் மாறியதுதான்.

பூட்டு கைமாறும்போது கவனம்

பாடப்புத்தகம் இருவரை வைத்து விளக்கிவிட்டு நின்றுவிடும். மூன்றாமவர் வரிசையில் சேரும்போதுதான் விதியில் ஓட்டை விழும். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

வெயிட்-டை. M-ஐ 53 வைத்திருக்கிறது. 41 கேட்கிறது, மூத்தவர், நிற்கிறது. பிறகு 47 கேட்கிறது. அது ஏற்கெனவே N-ஐ வைத்திருக்கிறது. 53-ஐவிட மூத்தவர்தான், ஆகவே அதுவும் நிற்கிறது. விதிப்படி எல்லாம் சரி. 53 முடித்துவிட்டு M-ஐ விடுகிறது. வந்த வரிசைப்படி அது 41-க்குப் போகிறது. இப்போது 47 யாருக்காக நிற்கிறது? 41-க்காக. இளையவர் மூத்தவருக்காக! வெயிட்-டையில் இருக்கவே கூடாத காத்திருப்பு இது. கேட்ட நேரத்தில் மட்டும் விதியைச் சோதித்தோம், பூட்டு கைமாறியபோது சோதிக்கவில்லை. அடுத்து 41 N-ஐக் கேட்கிறது. வைத்திருப்பது 47, இளையவர், ஆகவே 41 நிற்கிறது. முடிந்தது கதை. டெட்லாக்கைத் தடுக்க எழுதிய கோடுக்குள்ளேயே டெட்லாக்.

தீர்வு, பூட்டு புதியவர் கைக்குப் போகும்போது, வரிசையில் மீதி நிற்கும் ஒவ்வொருவரையும் புதியவரோடு ஒப்பிடுவது. 41-க்குப் பூட்டு போனதும் அதைவிட இளையவரான 47 அங்கேயே சாக வேண்டும். வரிசையில் இருப்பவர்களில் இளையவருக்கே முதலில் கொடுத்தால் யாரையும் கொல்ல வேண்டியதில்லை. ஆனால் புதுப்புது இளையவர்கள் வந்து முன்னால் நுழைந்துகொண்டே இருந்தால் மூத்தவர் காத்துக் கிடப்பார். அதை நான் விரும்பவில்லை.

வூண்ட்-வெயிட்டில் இந்தத் தலைவலி பாதிதான். வைத்திருப்பவர் 41, நிற்பவர்கள் 53, 47 என்றால், வந்த வரிசையை மறந்துவிட்டு மூத்தவரான 47-க்குக் கொடுங்கள். மீதி இருப்பவர் 53, இளையவர், மூத்தவருக்காக நிற்கிறார், விதிக்கு உட்பட்டது. யாரும் சாகவில்லை. மூத்தவருக்கு முதலில் என்ற ஒழுங்கும் விதியும் ஒரே திசையில் போவதால் கிடைக்கும் லாபம் இது.

படிப்பதற்கான பகிர்வுப் பூட்டில் ஒரே நேரத்தில் பலர் வைத்திருக்கலாம். அங்கே ஒவ்வொருவரோடும் ஒப்பிட வேண்டும். வெயிட்-டையில் ஒருவர் மூத்தவராக இருந்தாலும் கேட்டவர் சாக வேண்டும். வூண்ட்-வெயிட்டில் இளையவர்களைக் காயப்படுத்திவிட்டு மூத்தவர்களுக்காக நிற்க வேண்டும்.

காயப்படுத்துவது எவ்வளவு சிரமம்

வெயிட்-டையில் சாவுச் செய்தி, கேட்டவருக்குப் போகும் பதிலிலேயே இருக்கிறது. கேட்டாய், இல்லை, போய் வா. வூண்ட்-வெயிட்டில் கேட்காத ஒருவருக்குத் தகவல் போக வேண்டும். 47 அந்த நேரத்தில் நிலக்கோட்டையில் வேறொரு பூட்டுக்காகத் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதை எழுப்பிச் சொல்ல வேண்டும். எழுப்ப மறந்தால் 41 M-க்காக நிற்கும், 47 N-க்காகத் தூங்கும், N 41-இன் கையில். இருவரும் அப்படியே.

47 தூங்காமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அவசரம் இல்லை. ஒரு கொடியை ஏற்றி வைத்துவிட்டு, அடுத்து அது எதற்காவது காத்திருக்கப் போகும்போது பார்க்கச் சொல்லலாம். அதற்குள் வேலையை முடித்துப் பூட்டை விட்டுவிட்டால் 41-க்கு அதுவே போதும். இதேபோல, 47 கமிட்டுக்கு வாக்குக் கொடுத்து, இரண்டு சர்வரும் தயார் என்று சொல்லிவிட்ட பிறகு அதைக் காயப்படுத்தக் கூடாது. அந்தக் கட்டத்தில் அது புதிதாக எந்தப் பூட்டையும் கேட்காது, ஆகவே 41 கொஞ்சம் நின்றாலும் வட்டம் வராது.

ஆனால் எங்களை நிஜமாகச் சுட்டது வேறு. எடைச் சீட்டு. கடைசிப் பூட்டு கிடைத்ததும், கமிட்டுக்கு முன்பே, சீட்டை அச்சடிக்கும்படி எழுதியிருந்தோம். வெயிட்-டை ஓடியவரை அது தவறாகத் தெரியவில்லை, ஏனென்றால் அங்கே கேட்பவர்தான் சாவார். எல்லாப் பூட்டும் வாங்கி முடித்தவர் இனி எதையும் கேட்கமாட்டார், எனவே இந்த விதியால் சாகமாட்டார். வூண்ட்-வெயிட்டுக்கு மாறிய வாரம் கடைக்காரர் கூப்பிட்டார். “தம்பி, ஒரே மூட்டைக்கு ரெண்டு சீட்டு வந்திருக்கே, எதை நம்பி காசு குடுக்க?” என்றார். எல்லாப் பூட்டும் வாங்கிச் சீட்டும் அடித்த பில்லை, கமிட்டுக்குச் சற்று முன் ஒரு மூத்தவர் வந்து காயப்படுத்தியிருக்கிறார். அது மறுபிறவி எடுத்து இன்னொரு சீட்டு அடித்திருக்கிறது. அச்சு, எஸ்எம்எஸ், அடுத்த சிஸ்டத்துக்குச் செய்தி எல்லாவற்றையும் கமிட்டுக்குப் பின்னால் தள்ளினேன். முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

எதை எடுப்பது

வெயிட்-டையில் சாவு அதிகம், ஆனால் சாவு மலிவு: கேட்க வந்தவர் பெரும்பாலும் இப்போதுதான் தொடங்கியவர், இழப்பதற்குக் கையில் அதிகம் இருக்காது. வூண்ட்-வெயிட்டில் சாவு குறைவு, ஆனால் பூட்டு வாங்கி வேலை செய்துகொண்டிருந்தவரின் உழைப்பு போகும். இரண்டிலுமே, வட்டம் வராத இடத்திலும் சிலர் வீணாகச் சாவார்கள், ஏனென்றால் விதி இருவரை மட்டும் பார்க்கிறது, வட்டத்தைத் தேடுவதில்லை.

டிரான்சாக்ஷன் குட்டி, பூட்டுகளைத் தொடக்கத்திலேயே வாங்கிவிடும், ரோல்பேக் செய்வது கஷ்டம் என்றால் வெயிட்-டை எடுப்பேன். நீளமான டிரான்சாக்ஷன் ஒன்று, சுற்றிலும் நூறு குட்டி, நீளமானது தாமதமாகக் கூடாது என்றால் வூண்ட்-வெயிட். கூகுளின் ஸ்பானர் 2012 கட்டுரையில் படித்து எழுதும் டிரான்சாக்ஷன்களுக்கு வூண்ட்-வெயிட் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கும் பட்டுவாடா முடிவதுதான் முக்கியம் என்பதால் அதுவே பொருந்தியது.

பதிவேட்டில் என்ன பார்ப்பது

ஒவ்வொரு சாவுக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: செத்தவர் எண், எத்தனையாவது முயற்சி, எந்தப் பூட்டு, யாரால்.

```
abort ts=47.2 try=1 lock=M by=41.1
abort ts=47.2 try=2 lock=M by=41.1
abort ts=47.2 try=3 lock=M by=41.1
```

செத்தவரும் கொன்றவரும் மாறாமல் `try` மட்டும் ஏறினால் அது வெயிட்-டையின் வீண் அலைச்சல், வாசலில் உட்கார வைக்க வேண்டும். ஒரே வேலை, ஆனால் `ts` ஒவ்வொரு முறையும் புதிது, `try` எப்போதும் 1 என்றால் மறுபிறவியில் வயது தொலைகிறது. `by` பக்கத்தில் எப்போதும் ஒரே சர்வரின் எண் வந்தால் எண்ணிகள் விலகிவிட்டன. சாவே இல்லை, ஆனால் கவுண்டரில் திரை உறைந்து நிற்கிறது என்றால், யார் யாருக்காக நிற்கிறார்கள் என்று இரண்டு சர்வரிலிருந்தும் எடுத்து ஒரு தாளில் அம்புக்குறி போட்டுப் பாருங்கள். தவறான திசையில் ஓர் அம்பு இருக்கும். எங்களுக்கு அது 47-இலிருந்து 41-க்குப் போனது, பூட்டு கைமாறிய அதே நொடியில்.